ஓட்டை இல்லாத பயறு

டெல்லியில் விதைத் தனிமைப்படுத்தல் ஆய்வகத்தில் சேர்ந்த புதிதில், விதையைப் பார்த்தாலே தெரிந்துவிடும் என்ற தெனாவட்டு எனக்கு இருந்தது. எங்கள் வீட்டில் தட்டைப்பயறு டப்பாவைத் திறந்தால் ஓட்டையும் மாவும் வண்டும் தெரியும், அம்மா முறத்தில் கொட்டிப் புடைத்துவிடுவார். பூச்சி என்றால் அப்படித்தான் இருக்கும் என்று நினைத்திருந்தேன்.

அந்த நினைப்பு ஒரு மசூர் பொட்டலத்தில் உடைந்தது. மைசூர் பருப்பாக நாம் வாங்குவதன் முழு விதைதான் மசூர். மத்தியதரைக் கடல் பக்கத்திலிருந்து ஒரு பயிர்ப்பெருக்க ஆராய்ச்சியாளர் நாற்பது ரகங்களை வரவழைத்திருந்தார், ரகத்துக்கு ஐம்பது விதை. 2003ஆம் ஆண்டின் தாவரத் தனிமைப்படுத்தல் ஆணைப்படி இறக்குமதி அனுமதியும், அனுப்பிய நாட்டின் தாவர நலச் சான்றிதழும் (நாங்கள் சுருக்கமாக பைட்டோ என்போம்) ஒழுங்காகவே இருந்தன. லென்ஸில் பார்த்தேன். ஓட்டை இல்லை, மாவு இல்லை. சுத்தம் என்று பதிவேட்டில் எழுதப் போனேன்.

அப்போது மேசைக்கு எதிரே உட்கார்ந்திருந்த மூத்த சக ஊழியர், திருநெல்வேலிக்காரர், "தம்பி, பயறு வகையா? எக்ஸ்ரே பாக்காம கையெழுத்து போடாதே" என்றார்.

வண்டிலும் இரண்டு சாதி உண்டு என்று அன்றுதான் புரிந்தது. வீட்டுத் தட்டைப்பயறு வண்டு காய்ந்த விதை மேலேயே முட்டையிடும், சுமார் ஒரு மாதத்தில் அடுத்த தலைமுறை வந்துவிடும். அதனால் சேமிப்பில் பெருகும், சீக்கிரமே காட்டிக்கொடுக்கும். மசூரைத் தாக்கும் ப்ரூகஸ் வகை வண்டு அப்படியில்லை. வயலில் பச்சைக் காயின் மேல் முட்டையிடுகிறது. புழு காய்த்தோலைத் துளைத்து இளம் விதைக்குள் போகிறது, விதை வளர வளர நுழைந்த துளை மூடி ஒரு கரும்புள்ளியாகச் சுருங்கிவிடுகிறது. ஒரு விதையில் ஒரு வண்டுதான் தேறும். ஆண்டுக்கு ஒரே தலைமுறை, காய்ந்த விதையில் பெருகவும் பெருகாது. ஆகவே பொட்டலத்தை எத்தனை மாதம் வைத்திருந்தாலும் கூட்டம் சேராது. வளர்ந்த வண்டு உள்ளேயே தூங்கி, விதைப்புக் காலத்தில் விதையோடு வயலுக்குப் போய்விடும். விதையாகத் தேசம் விட்டு தேசம் போக இதைவிடத் தோதான ஏற்பாடு கிடையாது!

விதைகளை ஒரே அடுக்காகப் பரப்பி மென் எக்ஸ்ரேயில் படம் எடுத்தோம். குறைந்த ஆற்றல் கதிர் என்பதால் முளைப்புத் திறன் கெடாது. நல்ல விதை பிலிமில் முழு வெள்ளையாகத் தெரியும். அரித்த விதையில் நடுவே கருப்புக் குழி, அதற்குள் பிறை போல் மங்கலாகப் புழு, அல்லது கால் மடக்கிய வண்டு. மூன்று ரகங்களில் மொத்தம் பதினொன்று சிக்கின, அதில் ஆறு ஒரே ரகத்தில். ஒன்றை பிளேடால் பிளந்தேன். கால் இல்லாத வெள்ளைப் புழு நெளிந்தது.

எல்லாவற்றையும் புகைமூட்டிவிட வேண்டியதுதானே என்று கேட்டேன். புகைமூட்டினோம்தான். ஆனால் புகைமூட்டும் வாயுவான மெத்தில் புரோமைடு ஈரம் கூடிய விதையின் முளைப்பைக் கெடுக்கும், ஐம்பதே விதையில் அது விளையாட்டல்ல. அதனால் அரித்தவற்றை முதலில் பொறுக்கி எடுத்துவிட்டு, மீதியை உலர்த்தி, அப்புறம்தான் புகை. புகைக்குப் பிறகு செத்ததா உயிரோடிருக்கிறதா என்பதை ஒரு பிலிமை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. சில நாள் கழித்து மறுபடி எடுத்து, புழு இடம் மாறியதா, குழி பெரிதானதா என்று ஒப்பிட வேண்டும்.

ஆராய்ச்சியாளர் போன் செய்தார், கோயம்புத்தூர்க்காரர். "ஏனுங்க, ரபி விதைப்புக்கு நேரம் போகுதுங்க. ஐம்பதுல ஆறு போச்சுன்னா எப்படிங்க?" நியாயமான கோபம்தான். மீதி நாற்பத்து நாலும் எக்ஸ்ரேயில் சுத்தம் என்றேன். ஆனால் அந்தச் 'சுத்தம்' எவ்வளவு தூரம் என்பதையும் சொல்ல வேண்டியிருந்தது. இப்போதுதான் நுழைந்த சின்னப் புழு படத்தில் தெரியாமல் போகலாம். வைரஸ் எந்தப் படத்திலும் தெரியாது. பட்டாணி விதைவழி மொசைக் வைரஸ் மசூர் விதையிலும் வரும். அதற்கு விதையை அரைத்து எலிசா சோதனை செய்தால் விதை போய்விடும், எனவே பூச்சி புகாத கூண்டு வீட்டில் முளைக்கவைத்து, இலையை எடுத்துச் சோதிப்போம். அந்த ஆண்டு அவர் விதைப்பு தள்ளித்தான் போனது.

பிடிபட்டதில் இரண்டு விதையை மட்டும் புகைக்கு விடாமல், மூடிய குப்பியில் அடைத்து, பூட்டிய அறையில் வைத்திருந்தோம். புழுவை வைத்து இனம் சொல்வது கடினம், வளர்ந்த வண்டு வேண்டும். வாரம் ஒருமுறை எட்டிப் பார்ப்பேன். பிப்ரவரி கடைசியில் ஒன்றில் விதைத்தோல் வட்டமாக, மூடி போல் வெட்டப்பட்டுத் திறந்திருந்தது. பக்கத்தில் சாம்பல் புள்ளி போட்ட ஒரு வண்டு. இன்னொன்றிலிருந்து எதுவும் வரவில்லை.