தொடைக்கு நடுவே அகற்றிய கால்: ஒரு எடைக் கணக்கு

மார்ச் 3

புது நோயாளி. அறுபது வயது, உயரம் 170 செ.மீ., சர்க்கரை நோய். இரத்த ஓட்டம் நின்றுபோனதால் இடது காலைத் தொடையின் நடுவில் அகற்றியிருக்கிறார்கள். சக்கர நாற்காலியோடு எடை பார்த்து, நாற்காலியின் எடையைக் கழித்ததில் 62 கிலோ. அப்படியே பிஎம்ஐ போட்டால் 21.5 வருகிறது. பார்க்க நன்றாக இருக்கிறது, ஆனால் அந்தச் சூத்திரம் இரண்டு கால் உள்ள உடலுக்கானது.

கேஸ் ஷீட்டில் யாரோ "முழங்காலுக்கு மேல், 16%" என்று எழுதி வைத்திருக்கிறார்கள். உடல் எடையில் பதினாறு சதவீதம் என்பது இடுப்பு மூட்டு வரை முழுக் காலும் போனவருக்கான எண். உடல் எடையில் ஒவ்வொரு பகுதியின் பங்கைச் சொல்லும் அட்டவணையில் பாதம் 1.5, பாதத்தோடு முழங்காலுக்குக் கீழ் முழுவதும் 5.9, தொடை மட்டும் 10.1. இவருக்குத் தொடையில் ஏறக்குறையப் பாதி மிச்சம் இருக்கிறது. அதனால் 5.9-உடன் ஐந்தைக் கூட்டி 11% என்று வைத்துக்கொண்டேன். தொடையின் மேல்பாதிதான் பருமன் என்பதால் உண்மையில் போனது இதைவிடக் கொஞ்சம் குறைவாகவே இருக்கும். வெட்டிய மட்டத்தை அறுவை சிகிச்சைக் குறிப்பில் பார்த்துவிட்டு, கட்டு மாற்றும்போது நேரிலும் ஒருமுறை பார்த்துக்கொள்வது நல்லது.

மார்ச் 4

காலோடு இருந்திருந்தால் எவ்வளவு எடை இருப்பார்?

```
62 / (1 - 0.11) = 69.7
```

இந்த எடைக்கு பிஎம்ஐ 24.1. அதே 62-ஐ 0.84-ஆல் வகுத்தால் 73.8 கிலோ, பிஎம்ஐ 25.5. ஆளைப் பார்க்காமல் ஷீட்டை மட்டும் பார்ப்பவர் "அதிக எடை, கலோரியைக் குறையுங்கள்" என்று எழுதிவிடுவார். புண் ஆற வேண்டிய நேரத்தில் அது பெரிய கெடுதல்.

பயிற்சிக்கு வந்திருக்கும் பெண் கேட்டாள்: "அக்கா, 62-ஐ 1.11-ஆல் பெருக்கினால் போதாதா?" போதாது. 11% என்பது முழு உடலில் 11%, மிச்சமிருக்கும் உடலில் அல்ல. இங்கே வித்தியாசம் ஒரு கிலோதான், ஆனால் போன பகுதி பெரிதாகப் பெரிதாக இதுவும் வளரும்.

லட்சிய எடைக்குத் திசை மாறும், அங்கே பெருக்க வேண்டும். ஹாம்வி கணக்கில் இந்த உயரத்துக்கு 66.7 கிலோ, அதை 0.89-ஆல் பெருக்க 59.4. அப்படியானால் 62 கிலோ சரியாகத்தானே இருக்கிறது என்று தோன்றும். அவர் மனைவியிடம் பழைய எடையைக் கேட்ட பிறகுதான் கதை புரிந்தது.

மார்ச் 5

ஆறு மாதத்துக்கு முன்பு, காலில் வீக்கம் எதுவும் இல்லாதபோது, 76 கிலோ இருந்திருக்கிறார். 76-லிருந்து 62 என்றால் 18% இழப்பு என்று பயந்துவிடக் கூடாது, அதில் வெட்டிய காலும் சேர்ந்திருக்கிறது. 76-ஐ 0.89-ஆல் பெருக்கினால் 67.6. அதிலிருந்து 62-க்கு வந்திருக்கிறார். 8.3% உண்மையான இழப்பு. பயப்படும் அளவுக்கு இல்லை, விட்டுவிடும் அளவுக்கும் இல்லை. கன்னப்பொட்டும் தோள்பட்டையும் ஒட்டிப்போயிருப்பது இதோடு ஒத்துப்போகிறது.

சரி, கலோரி. இதற்கு எந்த எடை? இருக்கும் எடை, 62. இல்லாத காலுக்குச் சோறு போட வேண்டியதில்லை. ஓய்வாக இருக்கும் உடலுக்கே ஒரு நாளைக்கு எவ்வளவு ஆகும் என்று மிஃப்லின் சூத்திரத்தில்:

```
10*62 + 6.25*170 - 5*60 + 5 = 1387.5
```

69.7 போட்டிருந்தால் 77 கலோரிதான் கூடியிருக்கும். சும்மா இருக்கும் கால் அதிகம் செலவழிப்பதில்லை. கல்லீரலும் மூளையும் இதயமும் சிறுநீரகமும்தான் பெரும் செலவாளிகள், அவை அப்படியே இருக்கின்றன. புண் ஆறவும் இழந்த எடையில் கொஞ்சம் திரும்ப வரவும் கிலோவுக்கு 30 கலோரி என்று தொடங்கினேன்: 1860. சிறுநீரகம் நன்றாக இருப்பதால் புரதம் 80-லிருந்து 90 கிராம்.

மார்ச் 24

எடை 63.1. அதே நாற்காலி, அதே நேரம், கட்டு இல்லாமல். வலது கணுக்காலை அழுத்திப் பார்த்தேன், குழி விழவில்லை, அதனால் இது நீர் இல்லை என்று நம்புகிறேன். தையல் ஓரம் மூடிவருகிறது. 1860-ஐ மாற்றவில்லை.

ஏப்ரல் 16

புண் ஆறிவிட்டது. செயற்கைக் காலுக்கு அளவெடுக்கப் போகிறார்கள். பிசியோதெரபிஸ்ட் கேட்டார்: "செயற்கைக் காலில் நடக்க இரண்டு மடங்கு சக்தி வேண்டுமே, கலோரியைக் கூட்ட வேண்டாமா?" இரத்த ஓட்டக் கோளாறால் தொடைமட்டத்தில் கால் போனவர்களுக்கு, ஒரே தூரத்தைக் கடக்க ஏறக்குறைய அவ்வளவு ஆகும் என்பது சரிதான். ஆனால் அவர்கள் மெதுவாக நடப்பதால், நிமிடத்துக்கு ஆகும் செலவு மற்றவர்களைவிடப் பெரிதாக அதிகரிப்பதில்லை. அரை மணி நேரப் பயிற்சிக்குக் கூடுதலாக நூறு கலோரிக்குள்தான் ஆகும். மீதி நாள் முழுக்க உட்கார்ந்தே இருக்கிறார்.

இப்போது எடை 64. புண்ணுக்காகக் கொடுத்த கூடுதலை எடுத்துவிட்டு 1750-க்கு இறக்கினேன். இனி எடை ஏறுவதுதான் தொல்லை. சில கிலோ கூடினாலே, மிச்சத் தொடை நுழையும் சாக்கெட் இறுகித் தோலை உரசும், வலது கால் மேல் பாரம் கூடும். வாரம் ஒருமுறை எடை பார்க்கச் சொல்லியிருக்கிறேன். செயற்கைக் கால் வந்த பிறகு அதைக் கழற்றிவிட்டுத்தான் எடை பார்க்க வேண்டும் என்று ஷீட்டின் மேலேயே எழுதிவிட்டேன். அது சில கிலோ கனக்கும், ஒரு வாரம் மாட்டியும் ஒரு வாரம் கழற்றியும் எடுத்தால் அந்த எண்களை ஒப்பிடவே முடியாது.