"சார், பைப்பு கடிக்குது!"

தொண்டிக்கும் தேவிபட்டினத்துக்கும் நடுவே கடலைப் பார்த்த பள்ளிக்கூடம் எங்களுடையது. குடிதண்ணீர் கூலரில் தண்ணி பிடிக்கப் போன பிள்ளைகள் "சார், பைப்பு கடிக்குது" என்று ஷாக் அடித்த கையை உதறிக்கொண்டு ஓடி வந்தார்கள். நான் போய்ப் பிடித்துப் பார்த்தால் ஒன்றும் இல்லை. எச்.எம். டீச்சரும் பிடித்துப் பார்த்தார், ஒன்றும் இல்லை. சாயங்காலம் வாட்ச்மேன் வெறுங்காலோடு போய்ப் பிடித்தார், அப்போதும் இல்லை. அப்புறம் என்ன, புளியமரத்து முனிதான் என்று அவர் முடிவு கட்டிவிட்டார்.

மோட்டார் ஓடும்போது வருகிறது என்று ஒரு பயல் சொன்னதை நம்பி, மோட்டாரைக் கழற்றி காயில் கட்டி மாட்டினோம். காசு போனது, கடி போகவில்லை. அதற்குப் பிறகுதான் எலக்ட்ரீஷியன் பாயைக் கூப்பிட்டோம்.

பாய்க்கு எழுபதைத் தாண்டிய வயசு. வந்ததும் கூலர் பக்கமே போகவில்லை. "எப்ப கடிக்குது வாத்தியாரே?" என்றார். இன்டர்வெல்லில். "அப்ப ஃபேன் எப்படிச் சுத்துது?" மெதுவாகத்தான். கடலோரம், லோ வோல்டேஜ் என்று நாங்கள் விட்டிருந்தோம். "உங்க கால்ல செருப்பு. பிள்ளைங்க கால்ல?" கூலர் அடியில் தரை எப்போதும் சொதசொதவென்று இருக்கும், பிள்ளைகள் வெறுங்கால். வாட்ச்மேன் பிடித்த நேரம் மோட்டார் ஓடவில்லை. முனிக்கு அங்கேயே பாதி வேலை போய்விட்டது.

மோட்டாரை அணைக்கச் சொன்னார். குழாய் பக்கத்து ஈர மண்ணில் ஒரு இரும்புக் கம்பியை இறக்கி, கூலர் பாடிக்கும் கம்பிக்கும் வோல்ட் மீட்டர் வைத்தார். 2 வோல்ட். "இஸ்திரிப் பெட்டி இருக்கா?" இருந்தது, எச்.எம். டீச்சர் வீட்டில். அந்த 1000 வாட் பெட்டியை ஆபீஸ் ரூமில் சொருகியதும் கூலர் பாடியில் 40 வோல்ட்! அதே நேரம் ஆபீஸ் பிளக்கில் கரண்ட் வருகிற ஃபேஸுக்கும் திரும்பிப் போகிற நியூட்ரலுக்கும் நடுவே 230 இருந்தது 190 ஆகியிருந்தது.

"குறைஞ்ச நாப்பது எங்க போச்சுன்னு தெரியுதா? இந்தா, குழாய்ல நிக்குது" என்றார். மோட்டார்காரருக்கு நாங்கள் கொடுத்த காசை நினைத்துக்கொண்டேன்.

கூலர் பிளக் பாயிண்டைத் திறந்தால், எர்த் பின்னிலிருந்து நியூட்ரலுக்கு ஒரு துண்டு வயர். எர்த் வயர் எப்போதோ அத்துப்போக, யாரோ ஒரு புண்ணியவான் போட்ட குறுக்குவழி. நியூட்ரல் நன்றாக இருக்கிறவரை அது ஒன்றும் செய்யாது. ஏதோ ஒரு இடத்தில் நியூட்ரல் அரித்தால், பள்ளிக்கூடத்தில் எது ஓடினாலும் திரும்பிப் போக முடியாத கரண்ட் கூலரின் தகரத்தில் வந்து நிற்கும். பிள்ளையின் ஈரக்கால் வழியாக மண்ணுக்கு இறங்கப் பார்க்கும். நியூட்ரல் முழுசாக அத்திருந்தால் 40 இல்லை, 230-ஏ வந்திருக்கும் என்று பாய் சொன்னபோது யாரும் சிரிக்கவில்லை.

இஸ்திரிப் பெட்டியை ஓடவிட்டு, நீளமான வயரைக் கம்பியில் கட்டி இழுத்துக்கொண்டு பின்பக்கமாக நடந்தார். டிபி பாக்ஸ் நியூட்ரலில் 40. மெயின் ஸ்விட்ச்சில் 40. ஈ.பி. மீட்டரிலிருந்து நம் பக்கம் வருகிற முனையில் 2. "அப்ப மீட்டருக்கும் மெயினுக்கும் நடுவுல." அது கடலைப் பார்த்த சுவர். அங்கே அலுமினிய வயரையும் செப்பு வயரையும் முறுக்கி, டேப் சுற்றிய ஒரு ஜாயிண்ட்.

முதலில் மெயினை இறக்கினார். மேலே போர்டு பக்க சப்ளையையும் லைன்மேனை வரவழைத்து நிறுத்திய பிறகே டேப்பை உரித்தார். ஓடும்போது நியூட்ரலைப் பிரிப்பவன் மடையன் என்று எங்களைப் பார்த்துச் சொன்னார். உள்ளே அலுமினியம் வெள்ளைப் பொடியாக, செம்பு பச்சையாக, சுற்றியிருந்த பிவிசி கருகி. ரெண்டு உலோகமும் நேராகத் தொட்டு உப்புக்காத்து ஈரமும் சேர்ந்தால் அலுமினியம் கரைந்துகொண்டே போகுமாம். செம்பு இழையும் உறைக்குள்ளே அரை அடிக்குக் கறுத்திருந்தது. பளபளப்பு தெரியும்வரை வெட்டிக்கொண்டே போனார். "மிச்சம் வச்சா மறுபடி வருவேன், கூலி கேப்பேன்."

அலுமினியத்தையும் செம்பையும் நேராகத் தொடவிடாமல் இணைக்கிற பைமெட்டல் லக் போட்டு, கிரீஸ் தடவி இறுக்கினார். கூலரில் இருந்த குறுக்கு வயரைப் பிடுங்கி எறிந்துவிட்டு, கூலருக்குத் தனி எர்த் குழாய் இறக்கி குழியில் கரியும் உப்பும் கொட்டச் சொன்னார். பயல் ஒருத்தன், "உப்பாலதானே கெட்டுச்சு, மறுபடி ஏன் உப்பு?" என்றான். "வயர்ல இருந்தா அரிக்கிற சனியன், குழியில இருந்தா கரண்டை மண்ணுக்கு இறக்கிவிடுற சம்பளக்காரன்டா" என்றார் பாய். கரண்ட் கசிந்தால் சட்டென்று சப்ளையை நிறுத்துகிற 30 மில்லியாம்ப் ஆர்.சி.சி.பி. ஒன்றும் மாட்டச் சொல்லிவிட்டுப் போனார்.

இஸ்திரிப் பெட்டி, மோட்டார், ஃபேன் எல்லாம் ஒன்றாக ஓடியும் வோல்ட் மீட்டர் 2-ஐத் தாண்டவில்லை. ஆனால் பில்லை அனுப்பியதும் ஆபீஸிலிருந்து விளக்கம் கேட்டுக் காகிதம் வந்தது: மின்பழுது வேலைக்கு அடுப்புக்கரியும் கல்லுப்பும் வாங்கியது ஏன், இது சத்துணவுக் கணக்கில் வராதா?