கிரேட்டில் போடும் எண்ணும் இரண்டு எலக்ட்ரான்களும்

தருமபுரியில் ஒரு கல்லூரியில் முதுகலை வேதியியல் மாணவர்களுக்குக் குவாண்டம் வேதியியல் எடுக்கிறேன். ஹைட்ரஜனை முடித்து ஹீலியத்துக்குப் போகும் வாரம் வந்தால் வகுப்பு தடுமாறும் என்று எனக்கு முன்கூட்டியே தெரியும். ஹீலியத்தின் கிளர்ந்த நிலை ஒன்றில் ஒரு எலக்ட்ரான் 1s-இல், இன்னொன்று 2s-இல் இருக்கிறது, அலைச்சார்பை எழுதுங்கள் என்பேன். நோட்டுகளைப் பார்த்தால் எல்லாவற்றிலும் 1s(1)2s(2) என்றுதான் இருக்கும். ஒன்றாவது எலக்ட்ரான் 1s-இல், இரண்டாவது 2s-இல். கேட்டதற்குப் பதில் எழுதியாயிற்று என்ற நிம்மதி முகத்தில் தெரியும்.

எது ஒன்றாவது, எது இரண்டாவது என்று கேட்டேன். சந்தூர்ப் பக்கத்திலிருந்து வரும் ஒரு பெண், வீட்டில் மாங்காய் மண்டி வைத்திருக்கிறார்கள், எழுந்து சொன்னாள்: "செந்தூரா எல்லாம் பார்க்க ஒண்ணு போலத்தான் இருக்கும் சார். ஆனா கிரேட்டுல எண் போட்டுட்டா யார் தோட்டத்துக் காய்னு தெரிஞ்சிடுமே. அந்த மாதிரி எலக்ட்ரானுக்கும் 1, 2-னு எண் போட்டுக்கிறோம்."

நல்ல பதில். தப்பு எங்கே என்பதையும் அதே பதில் காட்டிக்கொடுக்கிறது. எண் ஒட்ட மாங்காய்க்கு ஒரு கிரேட் இருக்கிறது, இல்லாவிட்டால் காம்பில் ஒரு வெட்டு, தோலில் ஒரு கறை இருக்கிறது. எலக்ட்ரானில் அப்படி ஒட்ட இடமே இல்லை. நிறை, மின்னூட்டம், ஸ்பின்னின் அளவு எல்லாம் அப்படியே ஒன்று. 1, 2 என்பவை காகிதத்தில் நாம் எழுதுபவை மட்டுமே.

இதை வாயால் சொன்னால் தலையாட்டுவார்கள், மனதில் ஏறாது. அதனால் எண்களைப் போட்டேன். P, Q என்று இரண்டு இடங்கள். P-இல் 1s-இன் மதிப்பு 0.6, 2s-இன் மதிப்பு 0.2. Q-இல் 1s 0.1, 2s 0.5. (கணக்குக்காக நானே வைத்த எண்கள்.) ஒன்றாவது எலக்ட்ரான் P-இலும் இரண்டாவது Q-இலும் இருந்தால் 1s(1)2s(2) = 0.6 × 0.5 = 0.30, வர்க்கம் 0.09. இடத்தை மாற்றி, ஒன்றாவது Q-இலும் இரண்டாவது P-இலும் இருந்தால் 0.1 × 0.2 = 0.02, வர்க்கம் 0.0004. 'P-இல் ஒரு எலக்ட்ரான், Q-இல் ஒரு எலக்ட்ரான்' என்ற ஒரே நிலவரத்துக்கு இரண்டு நிகழ்தகவுகள், அதுவும் 225 மடங்கு வித்தியாசத்தில். நாம் எழுதிய எண்ணை மாற்றியதற்கு இயற்கை இப்படி மாறாது. மண்டிக்காரர் பெண் அங்கேதான் பேனாவைக் கீழே வைத்தாள்.

சரி, வர்க்கம் மாறக்கூடாது. இரண்டு முறை மாற்றினால் பழைய இடத்துக்கே வந்துவிடுகிறோம். ஆகவே ஒருமுறை மாற்றும்போது அலைச்சார்பு அப்படியே இருக்கலாம், அல்லது குறி மட்டும் மாறலாம். இந்த இரண்டில் எலக்ட்ரானுக்கு எது என்பதை ஷ்ரோடிங்கர் சமன்பாடு சொல்வதில்லை. அரை ஸ்பின் உள்ள துகள்களுக்குக் குறி மாறியே ஆகவேண்டும் என்று பவுலி 1940-இல் சார்பியலோடு சேர்த்துக் காட்டினார், அது எங்கள் பாடத்திட்டத்துக்கு எட்டாத தூரம். வகுப்பில் நான் லித்தியத்தைக் காட்டுவேன். ஹீலியத்திலிருந்து ஒரு எலக்ட்ரானைப் பிடுங்க 24.6 எலக்ட்ரான்வோல்ட் வேண்டும். லித்தியத்தில் அணுக்கருவின் மின்னூட்டம் இன்னும் கூட, ஆனால் 5.4 போதும். மூன்றாவது எலக்ட்ரானும் 1s-இலேயே உட்கார முடிந்திருந்தால் இத்தனை லேசாகக் கழன்று வராது. அதை 2s-க்குத் தள்ளுவது அந்தக் கழித்தல் குறி.

குறி மாறும் சார்பை எப்படிக் கட்டுவது? பதினொன்றாம் வகுப்பில் அணிக்கோவை படித்தபோது ஒரு மதிப்பெண் கேள்விக்காக இரண்டு பண்புகளை மனப்பாடம் செய்திருப்போம்: இரண்டு நிரைகளை இடம் மாற்றினால் குறி மாறும், இரண்டு நிரல்கள் ஒன்றாக இருந்தால் மதிப்பு பூஜ்யம். ஒரு நிரைக்கு ஒரு எலக்ட்ரான், ஒரு நிரலுக்கு ஒரு ஸ்பின் ஆர்பிட்டால், அதாவது ஸ்பின்னையும் சேர்த்த ஆர்பிட்டால், என்று வைத்தால் வேலை முடிந்தது. எலக்ட்ரான்களை மாற்றுவது நிரைகளை மாற்றுவது. ஒரே ஸ்பின் ஆர்பிட்டாலில் இருவரை உட்கார வைத்தால் இரண்டு நிரல்கள் ஒன்றாகி எல்லாம் பூஜ்யமாகிவிடும். பவுலியின் விலக்கு விதி என்று தனியாகப் படித்தது இதற்குள்ளேயே கிடக்கிறது. 1929-இல் ஸ்லேட்டர் இதை நிறமாலைக் கணக்குகளுக்குக் கருவியாக்கினார், அதனால் அவர் பெயரில் வழங்குகிறது.

ஸ்பின்னின் இரண்டு திசைகளை α, β என்று எழுதுவோம். இரண்டு எலக்ட்ரானும் α ஸ்பின் என்றால் இடத்தைப் பற்றிய பகுதி இது:

```
[1s(1)2s(2) − 2s(1)1s(2)] / √2
```

பழைய எண்களைப் போடுங்கள். 0.30 − 0.02 = 0.28. இடம் மாற்றினால் 0.02 − 0.30 = −0.28. வர்க்கம் ஒன்றுதான். இருவரும் P-இலேயே இருந்தால் 0.6 × 0.2 − 0.2 × 0.6, பூஜ்யம். ஒரே ஸ்பின் உள்ள இரண்டு எலக்ட்ரான்கள் ஒரே புள்ளியில் சந்திக்கவே மாட்டா. மின் விலக்கத்தை இந்தக் கணக்கில் நாம் தொடவே இல்லை என்பதைக் கவனியுங்கள்.

இங்கேதான் ஒரு வருடம் நான் சறுக்கினேன். α-வுக்கு எதிரே β வைத்தால் ஸ்பின்கள் ஜோடி சேர்ந்துவிடும், ஆகவே 1sα, 2sβ இரண்டையும் வைத்து எழுதும் அணிக்கோவை, மொத்த ஸ்பின் பூஜ்யமாகும் ஒற்றை நிலை என்று பலகையில் எழுதி, அடிக்கோடும் போட்டேன். மறுநாள் அதே பெண் விரித்து எழுதிக்கொண்டு வந்தாள்:

```
D1 = [1s(1)2s(2) α(1)β(2) − 2s(1)1s(2) β(1)α(2)] / √2
```

"சார், ஒற்றை நிலைனா இடப்பகுதி தனியா, ஸ்பின் பகுதி தனியாப் பிரியணும்னு சொன்னீங்க. இது பிரியவே மாட்டேங்குது."

பிரியாதுதான். குறி சரியாக மாறுகிறது, எதிர்சமச்சீரில் குறையே இல்லை. ஆனால் 1sβ, 2sα என்று இன்னொரு அணிக்கோவையும் (D2) எழுதலாமே. D1 − D2 செய்தால் இடப்பகுதி 1s(1)2s(2) + 2s(1)1s(2) என்றாகி, ஸ்பின் பகுதி αβ − βα என்று தனியே பிரிந்து நிற்கும். அதுதான் ஒற்றை நிலை. D1 + D2, மொத்த ஸ்பின் 1 ஆகும் மும்மை நிலையின் ஒரு கூறு. D1 மட்டும் தனியே பாதி ஒற்றை, பாதி மும்மை. அதே ஆர்பிட்டால்களை வைத்து ஆற்றலைக் கணக்கிட்டால் இரண்டுக்கும் நட்டநடுவில் ஒரு எண் வரும். ஹீலியத்தில் அப்படி ஒரு மட்டம் இல்லை. உண்மையான மட்டங்கள் தரைநிலைக்கு மேலே 19.8 (மும்மை), 20.6 (ஒற்றை) எலக்ட்ரான்வோல்ட்டில் இருக்கின்றன.

அடிக்கோடு போட்டதை அடித்துவிட்டு அந்த மணி நேரம் முழுக்க இதையே நடத்தினேன். அப்புறம் ஆய்வு மாணவர் ஒருவர் இரண்டு ஹைட்ரஜன் அணுக்களை வெகுதூரம் இழுத்துவைத்து, ஒன்றில் α, மற்றதில் β இருக்கும்படி, ஒரே ஒரு அணிக்கோவையை வைத்துப் போட்ட கணக்கைக் கொண்டுவந்தார். ஆற்றல் அழகாக இருக்கிறது என்றார். நான் வெளியீட்டில் மொத்த ஸ்பின்னின் வர்க்கச் சராசரியைக் காட்டும் `<S^2>` வரியைத் தேடினேன். ஒற்றை நிலைக்கு அது 0, மும்மைக்கு 2. அவருக்கு வந்திருந்தது 1.0.

"ரெண்டுலயும் சேராம நடுவுல நிக்குதே சார்" என்றார். பழைய நோட்டை எடுத்து D1 இருந்த பக்கத்தைப் பிரித்து அவர் முன்னால் வைத்தேன்.