திருத்தத் திருத்தக் கீழே இறங்கிய குளவிக் குறிப்பு

மார்த்தாண்டம் பக்கம் தேனீ வளர்க்கும் மாமாவின் குறிப்புகளைத் தேட ஒரு சின்னத் தேடுபொறியை எழுதிக்கொண்டிருக்கிறேன். இன்வெர்ட்டெட் இண்டெக்ஸ் பகுதி சீக்கிரமே முடிந்தது: ஒவ்வொரு சொல்லுக்கும் அது எந்தெந்தக் குறிப்பில் எத்தனை முறை வருகிறது என்று ஒரு பட்டியல், வரிசைப்படுத்த BM25 என்ற மதிப்பெண் முறை, அவ்வளவுதான். ஆனால் மாமா ஒரு குறிப்பை எழுதிவிட்டுச் சும்மா இருப்பவர் அல்ல. ரப்பர் தளிர்விடும் காலத்தில் பெட்டிகளை எந்தத் தோட்டத்தில் வைத்தார், குளவி எந்தப் பக்கமாக வந்தது என்று பழைய குறிப்பிலேயே சேர்த்துக்கொண்டே போவார்.

ஒவ்வொரு திருத்தத்துக்கும் எல்லாப் பட்டியலிலும் கை வைத்தால் செலவு அதிகம். அதனால் திருத்திய குறிப்பைப் புது எண்ணில் சேர்த்துவிட்டு, பழைய எண்ணுக்கு 'செத்தது' என்று அடையாளம் போட்டு, தேடும்போது தாண்டிப் போகிறேன். பெரிய தேடல் நூலகமான லூசீனும் ஏறக்குறைய இப்படித்தான் செய்கிறது.

தேடல் முடிவுகளில் பழைய பிரதி எட்டிப் பார்க்கவே இல்லை. ஆனால் "பெட்டி குளவி" என்று தேடியதும் மாமா, "மக்களே, குளவியப் பத்தி இவ்வளவு எழுதி வச்சிருக்கேன், அது எங்க போச்சு?" என்றார். மேலே நின்றது 'பெட்டி' எட்டு முறை வரும், குளவியே இல்லாத வேறொரு குறிப்பு.

விஷயம் `df`-இல் இருந்தது, அதாவது ஒரு சொல் எத்தனை குறிப்புகளில் வருகிறது என்ற எண்ணில். அரிய சொல்லுக்கு மதிப்பு கூடுவது இந்தச் சூத்திரத்தால், இதில் `N` மொத்தக் குறிப்புகளின் எண்ணிக்கை:

```
idf = ln(1 + (N - df + 0.5) / (df + 0.5))
```

உயிரோடு இருப்பவை 100 குறிப்புகள், குளவி வருவது ஒன்றில் மட்டும் என்றால் மதிப்பு 4.21. அந்த ஒன்றை ஒன்பது முறை திருத்தியதில் செத்த பிரதிகளும் கணக்கில் ஏறி `N` 109, `df` 10 ஆகிவிட்டன, மதிப்பு 2.35. எதை அதிகம் திருத்துகிறோமோ அதுவே கீழே இறங்குகிறது, கொடுமைதான். லூசீனிலும் இண்டெக்ஸின் துண்டுகள் ஒன்றுசேரும்வரை செத்தவை `df`-இல் இருக்கும். லட்சக்கணக்கான ஆவணங்களில் அது பெரும்பாலும் கண்ணில் படாது, நூறில் பளிச்சென்று தெரிகிறது.

சரி, குறிப்புவாரியாக அதிலுள்ள தனிச்சொற்களையும் தனியே சேமித்தேன். இடம் கொஞ்சம் கூடுதலாகப் பிடிக்கும், ஆனால் கழிப்பது சுலபம்:

```python
for t in terms[old]:
    df[t] -= 1
live -= 1
total_len -= length[old]
dead.add(old)
```

`terms[old]` கட்டாயம் `set` ஆக இருக்க வேண்டும். பட்டியலாக வைத்தால் மூன்று முறை வந்த சொல்லுக்கு மூன்று கழிந்து, `df` சுழிக்குக் கீழே போய்விடும். `live` தான் இனி சூத்திரத்தின் `N`. `total_len` சராசரி நீளத்துக்காக. அதைக் கழிக்காமல் விட்டால் நீளமான குறிப்புகளுக்குக் கிடைக்கும் தண்டனை மாறிவிடும்.

சரிபார்க்க ஒரே வழி, எல்லாவற்றையும் முதலிலிருந்து கட்டிய இண்டெக்ஸையும் திருத்தித் திருத்தி வந்ததையும் ஒரே தேடலுக்கு ஒப்பிடுவது. வரிசை மட்டும் ஒத்தால் போதாது, மதிப்பெண்ணே ஒத்துப்போக வேண்டும், இப்போது போகிறது. செத்தவை ஐந்தில் ஒரு பங்கைத் தாண்டினால் பட்டியல்களைத் துப்புரவாக்கும் வேலை இன்னும் பாக்கி. அது நடக்கும்போதே மாமா திருத்தினால் என்ன செய்வது என்பதுதான் அடுத்த தலைவலி.