மேற்கோளில் வரும் ‘தே’ யார்? ஒரு கேள்வியால் மறுபடி செய்த பகுப்பாய்வு

கட்டுரை திருத்தத்துக்குத் திரும்பி வந்தபோது, இரண்டாம் மதிப்பீட்டாளர் கேட்டிருந்த சின்னக் கேள்வி இது: “ஆறாம் மேற்கோளில் வரும் ‘தே’ என்ற ஆங்கிலச் சொல் யாரைக் குறிக்கிறது?” மருத்துவமனை ஊழியர்களை என்று ஒரே வரியில் பதில் எழுதிவிட்டேன். அனுப்புவதற்கு முன் எதற்கும் ஒருமுறை கேட்டுவிடலாமே என்று ஒலிப்பதிவைப் போட்டேன். அதோடு மூன்று வாரம் போயிற்று.

ஆய்வு, நீண்டகால நோயாளிகளை வீட்டில் பார்த்துக்கொள்ளும் குடும்பத்தாரைப் பற்றியது. 14 நேர்காணல்கள், எல்லாம் தமிழில். நேரம் மிச்சமாகும் என்று நினைத்து, முதலில் எல்லாவற்றையும் ஆங்கிலமாக்கி, அந்த ஆங்கிலத்தின் மேல்தான், ஒவ்வொரு பகுதியும் எதைப் பற்றியது என்று பெயரிட்டுக் குறியீடு இட்டோம். தவறு அங்கேயே தொடங்கிவிட்டது.

ஆறாம் மேற்கோளில் ஒரு பெண்மணி பேசியதை எழுத்துத் தமிழில் தருகிறேன்: “எத்தனை தடவை சொன்னேன், கேட்கவே மாட்டார்கள். பாதியிலேயே விட்டுவிட்டார்கள்.” எழுவாய் எங்குமில்லை. ஆங்கிலத்துக்கு எழுவாய் வேண்டும் என்பதால் மொழிபெயர்த்தவர் ‘தே’ என்று போட்டார். சற்று முன்பு மருத்துவமனையைப் பற்றிப் பேச்சு வந்திருந்ததால், நானும் ‘நிறுவனம் செவிசாய்க்காமை’ என்ற குறியீட்டில் அதைச் சேர்த்துவிட்டேன். ஒலிப்பதிவைக் கேட்டால், மாத்திரை பற்றிய கேள்விக்கு அவர் பதில் சொல்லிக்கொண்டிருக்கிறார். மாத்திரையைப் பாதியில் நிறுத்தியது அவருடைய கணவர். கணவரை ‘அவங்க’ என்று மரியாதைப் பன்மையில் சொல்வதைக் கேட்டு வளர்ந்தவன்தான் நான். ஆனாலும் ஆங்கிலத்தில் படித்தபோது அது என் கண்ணில் படவே இல்லை.

அந்தக் குறியீட்டின் கீழ் இருந்த 23 பகுதிகளையும் தமிழில் திரும்பப் படித்தேன். ஏழு பகுதிகள் கணவரையோ மாமியாரையோ பற்றியவை. கட்டுரையின் மூன்றாவது கருப்பொருள் அவற்றின் மேல்தான் நின்றுகொண்டிருந்தது.

இத்தனைக்கும் நாங்கள் மீள்மொழிபெயர்ப்பு செய்திருந்தோம். ஆய்வைப் பற்றி ஒன்றும் அறியாத ஒருவரிடம் ஆங்கில மேற்கோள்களைக் கொடுத்துத் தமிழாக்கச் சொன்னோம். ‘தே’ அவர் கையில் ‘அவர்கள்’ ஆயிற்று. மூலத்தோடு ஒப்பிட்டோம், அச்சாகப் பொருந்தியது, நிம்மதியாக இருந்துவிட்டோம். பிழை போன வழியிலேயே திரும்பி வந்தால் மீள்மொழிபெயர்ப்பால் அதைப் பிடிக்க முடியாது. அதை மட்டும் நம்பியிருப்பவர்கள் இதைக் கவனியுங்கள். நேர்காணல் ஆய்வுக் கட்டுரையில் என்னென்ன சொல்ல வேண்டும் என்று சரிபார்க்க உதவும் கோரெக் பட்டியலின் 32 கேள்விகளுக்கும் பதில் எழுதியிருந்தோம். மொழிபெயர்ப்பு எப்போது, யாரால் நடந்தது என்று அதில் ஒரு கேள்வி கூட இல்லை.

இரண்டாம் சுற்றில் தமிழ்ப் படியின் மேலேயே குறியீடு இட்டோம். குறியீட்டின் பெயரை ஆங்கிலத்தில் வைத்தாலும், அதன் விளக்கக் குறிப்பில் பேசியவரின் தமிழ்ச் சொல்லை அப்படியே விட்டோம். எழுவாய் இல்லாத ஒவ்வொரு வினைக்கும் பக்கத்தில் ‘யார்?’ என்று எழுதி, ஒலிப்பதிவைக் கேட்டு நிரப்பினோம். ‘நாம்’, ‘நாங்கள்’ இரண்டையும் தனித்தனியாகக் குறித்தோம். “நாம் என்ன செய்ய முடியும்?” என்று ஒருவர் கேட்கும்போது, கேட்டுக்கொண்டிருப்பவரையும் தன் பக்கம் இழுத்துக்கொள்கிறார். “நாங்கள் முடிவு செய்தோம்” என்பதில் நேர்காண்பவருக்கு இடமில்லை. ஆங்கிலத்தில் இரண்டும் ‘வீ’தான்.

மொழிபெயர்ப்பைக் கடைசிக்குத் தள்ளினோம். கட்டுரைக்குத் தேர்ந்தெடுத்த 19 மேற்கோள்களை மட்டும் இருவர் தனித்தனியே மொழிபெயர்த்தார்கள். வேறுபட்ட இடங்களில் மூலத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்து பேசினோம். ஆறாம் மேற்கோளில் ‘தே’ போய் ‘ஹீ’ வந்தது. முதலில் வரும் இடத்தில் ‘என் கணவர்’ என்பதைச் சதுர அடைப்புக்குறிக்குள் ஆங்கிலத்தில் சேர்த்தோம். அது எங்கள் சேர்க்கை என்று வாசகருக்குத் தெரிய வேண்டும். ஆனால் ‘ஹீ’யில் அந்த மரியாதை மறைந்துவிடுகிறது. கணவர்மேல் குறைப்படும்போதும் அந்தப் பெண்மணி அந்த மரியாதையை விடவில்லை என்பது எங்கள் வாதத்துக்கு முக்கியம். அதனால் மேற்கோளுக்குக் கீழே ஒரு வரியில் அதைச் சொன்னோம்.

முறையியல் பகுதியில் ஒரு பத்தி சேர்த்தோம்: எந்த மொழியில் குறியீடு இட்டோம், யார் மொழிபெயர்த்தார்கள், அவர்களுக்கும் ஆய்வுக்கும் என்ன தொடர்பு, முதல் சுற்றில் என்ன தவறியது. கடைசி விஷயத்தை எழுதக் கை கூசியது. எழுதியது நல்லதாயிற்று, மதிப்பீட்டாளர் அதையே குறிப்பிட்டு ஏற்றுக்கொண்டார்.

தமிழ் மூலங்களைப் பங்கேற்பாளர் எண்ணோடு பின்னிணைப்பில் கொடுத்தோம். பிடிஎஃப் ஆக்கும்போது எழுத்துருவை உள்ளே பதிக்க மறக்காதீர்கள். முதல் படியில் கொம்புகள் எழுத்தைவிட்டுப் பிரிந்து நின்றன.

ஒரேயொரு மேற்கோளில் பேசியவர் மருத்துவரைச் சொல்கிறாரா, மாமனாரைச் சொல்கிறாரா என்று எத்தனை முறை கேட்டும் தெளிவாகவில்லை. அழகான மேற்கோள் அது. எடுத்துவிட்டேன்.