இரண்டு தடவை தவறாக வந்த கிரைண்டரும் ஒரு மன்னிப்புக் கடிதமும்

ஆன்லைனில் 2 லிட்டர் டேபிள் டாப் கிரைண்டர் வாங்கினேன். முதலில் வந்தது ஒன்றரை லிட்டர். மாற்றித் தந்ததில் அளவு சரிதான், ஆனால் டிரம்மின் நடுத்தண்டு வளைந்திருந்தது. சுவிட்சைப் போட்டால் கல் ஓரத்தில் இடித்து டக் டக் என்று சத்தம் போட்டது.

கஸ்டமர் கேரில் பேசிப் பிரயோஜனமில்லை. ஒவ்வொரு தடவையும் புது ஆள், புது வருத்தம். அப்புறம்தான் அவர்களுடைய குறைதீர்க்கும் அலுவலருக்கு மெயில் அனுப்பினேன். 2020-இல் வந்த மின்வணிக விதிகளின்படி அவருடைய பெயரையும் தொடர்பு விவரத்தையும் கம்பெனி தன் தளத்தில் போட்டிருக்க வேண்டும். புகார் கிடைத்ததை 48 மணி நேரத்தில் ஒப்புக்கொண்டு, ஒரு மாதத்துக்குள் தீர்க்கவும் வேண்டும். ஆர்டர் எண், இரண்டு டெலிவரியின் தேதி, தண்டு ஆடும் வீடியோ எல்லாம் வைத்து, பணத்தைத் திருப்பித் தாருங்கள் என்று மட்டும் கேட்டேன்.

பதில் பணிவாகத்தான் வந்தது. 'தங்களுக்கு ஏற்பட்ட அசௌகரியத்துக்கு மனமார வருந்துகிறோம்.' என்ன அசௌகரியம் என்று ஒரு வரி இல்லை. இரண்டாவது டெலிவரி பற்றிப் பேச்சே இல்லை. கூடவே இன்னொரு கிரைண்டரும் 500 ரூபாய் கூப்பனும் தருவார்களாம். கூப்பனுக்கு ஆயுள் 30 நாள், 3,000 ரூபாய்க்கு மேல் வாங்கினால்தான் செல்லும். எனக்குக் கொடுப்பதா, என்னிடம் விற்பதா?

கடைசியில் 'ஏற்கிறேன்' பட்டன். அதற்குக் கீழே பொடி எழுத்தில், இதை ஏற்றால் இந்த ஆர்டர் தொடர்பாக மேற்கொண்டு எந்தக் கோரிக்கையும் வைக்க மாட்டேன் என்று இருந்தது. கூப்பனைவிட இதுதான் விவகாரம். மூன்றாவதும் பழுதாக வந்தால், நீங்கள்தான் ஒப்புக்கொண்டீர்களே என்று இந்த வரியைக் காட்டுவார்கள். பட்டனைத் தொடவில்லை.

அந்த மெயிலுக்கே பதில் போட்டேன்: மாற்றுப் பொருள் வேண்டாம், கூப்பன் வேண்டாம், பணம் கட்டிய கார்டுக்கே முழுத்தொகை வர வேண்டும், இல்லையென்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போவேன். வெறும் மிரட்டல் இல்லை. பொருளின் விலை 5 லட்சத்துக்குள் என்றால் அங்கே கட்டணம் கிடையாது. நம் ஊர் ஆணையத்திலேயே வழக்குப் போடலாம்.

அடுத்த கடிதம் வேறு மாதிரி இருந்தது. கிடங்கில் மாடல் மாறியது, மாற்றுப் பொருளைச் சோதிக்காமல் அனுப்பியது, இரண்டையும் எழுதி ஒப்புக்கொண்டார்கள். முழுத்தொகை, கூடவே 750 ரூபாய், கூப்பனாக இல்லாமல் பணமாக. ஒரு இடம்தான் உறுத்தியது: 'தரச் சோதனைக்குப் பின் பணம் திரும்பும்.' உபயோகித்த பொருள் என்று சொல்லித் தட்டிக்கழிக்க அது ஒன்று போதும். பொருளை எடுத்துப்போன நாளிலிருந்து 7 வேலைநாள் என்று மாற்றச் சொன்னேன், மாற்றினார்கள்.

எடுக்க வந்த பையனிடம் ரசீது வாங்கிக்கொண்டுதான் பெட்டியைக் கொடுத்தேன். பணம் அனுப்பிவிட்டோம் என்று மெசேஜ் வந்தும் கணக்கில் ஏறவில்லை. கார்டுக்குத் திருப்பிய பணத்தைத் தேட உதவும் ஏ.ஆர்.என். நம்பரைக் கேட்டு வாங்கி பேங்கில் கொடுத்ததும் அங்கே தேடிச் சொன்னார்கள், மறுநாள் வரவாகிவிட்டது. கிரைண்டரைப் பக்கத்துக் கடையில் ஓட்டிப் பார்த்து வாங்கினேன், 300 ரூபாய் கூடுதல்.