மூன்றாம் வகுப்பில் ஒரு பிள்ளையின் அப்பா இறந்தபோது

பொங்கல் விடுமுறை முடிந்து பள்ளி திறந்த இரண்டாவது நாள் காலை, என் வகுப்பு மாணவி ஒருத்தியின் அப்பா இரவில் மாரடைப்பால் இறந்துவிட்டார் என்று தலைமையாசிரியர் வருகைப்பதிவேட்டைக் கொடுக்கும்போதே சொன்னார். பிரார்த்தனைக் கூட்டம் முடிந்து வகுப்புக்குள் நுழைந்தபோது, இருபத்தெட்டு பிள்ளைகளில் பாதிப் பேருக்கு ஏற்கெனவே செய்தி தெரிந்திருந்தது. தெருமுனையில் ஒட்டியிருந்த கண்ணீர் அஞ்சலிச் சுவரொட்டியைச் சிலர் பார்த்துவிட்டு வந்திருந்தார்கள். என்ன சொல்வதென்று தெரியாமல், "அவளுடைய அப்பா சாமிகிட்ட போயிட்டார்" என்று சொல்லிவிட்டு, புத்தகத்தை எடுக்கச் சொன்னேன். முன்வரிசையில் இருந்த ஒருவன் உடனே, "எப்ப டீச்சர் வருவாரு?" என்று கேட்டான். அந்தக் கேள்விக்கு நான் பதில் சொல்லவில்லை. அது நான் செய்த தவறு.

அன்று மாலை, பக்கத்து ஒன்றியத்தில் பணியாற்றும் என் தோழியிடம் பேசினேன். அவருடைய வகுப்பிலும் முன்பு இப்படி ஒரு துயரம் நேர்ந்திருந்தது. "சாமிகிட்ட போனார், ஊருக்குப் போனார், தூங்கிட்டார் என்பதையெல்லாம் விட்டுவிடுங்கள், 'இறந்துவிட்டார்' என்றே சொல்லுங்கள்" என்றார் அவர். தூங்கிவிட்டார் என்று கேட்ட பிள்ளை இரவில் தூங்கப் பயப்படும். ஊருக்குப் போயிருக்கிறார் என்று கேட்ட பிள்ளை, தன் அப்பா வெளியூருக்குக் கிளம்பும்போது அழும். ஐந்தாறு வயதுக்கு உட்பட்ட பிள்ளைகள் இறந்தவர் திரும்பி வருவார் என்று நினைப்பது வழக்கம். எட்டு வயதில் திரும்பி வரமாட்டார் என்பது பெரும்பாலும் புரிந்துவிடும் என்றாலும், ஏன் இறந்தார் என்ற இடத்தில் தங்கள் கற்பனையை வைத்து நிரப்பிக்கொள்வார்கள். ஆகவே காரணத்தை ஒரே வாக்கியத்தில் உண்மையாகச் சொல்லிவிடுவது நல்லது என்பது அவருடைய கருத்து.

ஆனால் அந்தக் காரணத்தைச் சொல்லும் உரிமை எனக்கு இல்லை, அது குடும்பத்துடையது. துக்க வீட்டில் மாணவியின் அம்மாவிடம் இதைப் பேசுவது முறையாகாது என்பதால், மூன்றாம் நாள் அவளுடைய தாய்மாமாவிடம், வகுப்பில் என்ன சொல்லலாம், என்ன சொல்லக்கூடாது என்று கேட்டேன். அவர் உள்ளே போய்த் தன் அக்காவிடம் கேட்டுவந்து, "மாரடைப்பு என்று சொல்லலாம், டீச்சர். கடன், மருத்துவமனைச் செலவு பற்றிய பேச்சு மட்டும் பிள்ளைகள் காதுக்குப் போக வேண்டாம்" என்றார். மற்றப் பிள்ளைகளின் பெற்றோருக்கு ஒரு குறிப்பு அனுப்ப விரும்புவதாகவும், அதை முதலில் மாணவியின் குடும்பத்திடமே காட்டுவதாகவும் சொன்னேன்.

மறுநாள் முதல் பாடவேளையில் பிள்ளைகளைத் தரையில் வட்டமாக உட்காரவைத்து, "நான் அன்று சரியாகச் சொல்லவில்லை, இப்போது சரியாகச் சொல்கிறேன்" என்று தொடங்கினேன். "அவளுடைய அப்பா இறந்துவிட்டார். அவருடைய இதயத்துக்குத் திடீரென்று கடுமையான நோய் வந்தது. மருத்துவர்கள் முயன்றும் அவரைக் காப்பாற்ற முடியவில்லை. இறந்தவர்கள் திரும்பி வரமாட்டார்கள். இந்த நோய் தொற்றாது. யாரும் செய்ததாலோ சொன்னதாலோ வந்ததும் இல்லை." இவ்வளவுதான் சொன்னேன். பிறகு கேள்விகளுக்கு நேரம் விட்டேன். "எங்க அப்பாவும் செத்துப்போவாரா?" என்ற கேள்வி வரும் என்று தோழி முன்பே சொல்லியிருந்தார், வந்தது. "மாட்டார்" என்று வாக்குக் கொடுக்க யாராலும் முடியாது என்பதால், "பெரும்பாலான அப்பாக்கள், தங்கள் பிள்ளைகள் வளர்ந்து பெரியவர்களான பிறகும் நெடுநாள் இருப்பார்கள். உனக்குப் பயமாக இருந்தால் இன்று வீட்டில் அப்பாவிடமே சொல்" என்றேன்.

இடைவேளை மணி அடித்தும் ஒருவன் மட்டும் எழுந்து போகாமல் சிலேட்டுக் குச்சியை உருட்டிக்கொண்டிருந்தான். அருகில் போய் உட்கார்ந்தேன். விடுமுறைக்கு முன் அந்த மாணவியுடன் அழிப்பானுக்காகச் சண்டை வந்தபோது, "உங்க அப்பன் சாவட்டும்" என்று திட்டியிருக்கிறான். "நான் சொன்னதாலதானா டீச்சர்?" என்று கேட்டபோது குரல் வெளியே வரவில்லை. வார்த்தையால் யாருடைய இதயமும் நிற்காது என்றும், அது உடம்பின் நோய் என்றும், கோபத்தில் சொன்னதற்காக அவளிடம் மன்னிப்புக் கேட்பது வேறு, அவளுடைய அப்பா இறந்தது வேறு என்றும் பிரித்துச் சொன்னேன். அதை மறுநாளும் ஒருமுறை சொல்ல வேண்டியிருந்தது. "யாரும் சொன்னதால் வந்ததில்லை" என்ற வரியை வட்டத்தில் சொல்லாமல் விட்டிருந்தால் இவன் இதை என்னிடம் கேட்டிருக்கமாட்டான் என்றே நினைக்கிறேன்.

அன்று மாலை குறிப்பை எழுதி மாணவியின் வீட்டுக்குக் கொடுத்தனுப்பினேன். அவளுடைய அம்மா ஒரு வரியை மட்டும் நீக்கச் சொன்னார்; "ஏழைக் குடும்பம்" என்று நான் எழுதியிருந்தேன். நீக்கிய பின் அனுப்பியது இது:

"அன்புள்ள பெற்றோருக்கு, வணக்கம். நம் வகுப்பு மாணவி ஒருவரின் தந்தை மாரடைப்பால் காலமானார். குடும்பத்தின் ஒப்புதலுடன் இதைத் தெரிவிக்கிறேன். வகுப்பில் பிள்ளைகளிடம் 'இறந்துவிட்டார், திரும்பி வரமாட்டார், யாருடைய தவறாலும் நேரவில்லை' என்று சொல்லியிருக்கிறேன். உங்கள் பிள்ளை கேட்டால் இதே சொற்களில் பதில் சொல்லுங்கள். ஒரே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்டாலும் பொறுமையாகச் சொல்லுங்கள். சில நாள்கள் உங்களை விட்டுப் பிரிய மறுக்கலாம், இரவில் விழித்து அழலாம். மாணவியிடம் இறப்பு எப்படி நேர்ந்தது என்று யாரும் விசாரிக்க வேண்டாம். அஞ்சலிப் படங்களை வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் பகிர வேண்டாம். இரண்டு வாரங்களுக்குப் பிறகும் உங்கள் பிள்ளை சாப்பிடாமலோ தூங்காமலோ இருந்தால் என்னிடம் சொல்லுங்கள். வகுப்பாசிரியர்."

கருமாதி முடிந்து அவள் வருவதற்கு முந்தின நாள், எந்த இடத்தில் உட்கார விரும்புகிறாள் என்று மாமா வழியாகக் கேட்டேன். பழைய இடமே போதும் என்றும், யாரும் எதுவும் பேச வேண்டாம் என்றும் சொல்லியனுப்பினாள். பிள்ளைகளிடம், "வா என்று கூப்பிடுங்கள், விளையாட அழையுங்கள், அவள் அப்பாவைப் பற்றிப் பேசினால் கேளுங்கள்" என்று மட்டும் சொன்னேன். அழுகை வந்தால் கேட்காமலே வெளியே போகலாம், தண்ணீர்ப் பாட்டிலை மேசை ஓரத்தில் வைத்தால் எனக்குப் புரிந்துவிடும் என்று அவளிடம் தனியாகச் சொல்லிவைத்தேன். முதல் வாரத்தில் இரண்டு முறை வைத்தாள். பிறகு வெகுநாள் வைக்கவில்லை.

எனக்குத் தெரியாமல் காத்திருந்த இடங்கள் வேறு. மதிப்பெண் அட்டையில் "தந்தை கையொப்பம்" என்று அச்சடித்த வரி. "என் குடும்பம்" என்ற தலைப்பில் படம் வரையச் சொன்ன பாடம். ஆண்டு விழாவுக்கு "அப்பா அம்மாவுடன் வாருங்கள்" என்ற அழைப்பு. அட்டையில் "பெற்றோர் அல்லது பாதுகாவலர்" என்று எல்லோருக்குமே கையால் திருத்திக் கொடுத்தேன், அவளுக்கு மட்டும் திருத்தினால் அதுவே அவளைத் தனிமைப்படுத்திவிடும் என்பதால். குடும்பப் படத்தை நிறுத்தவில்லை. யாரை வரைய விரும்புகிறீர்களோ வரையலாம் என்றேன். அவள் அப்பாவை வரைந்தாள், லுங்கியோடும் மிதிவண்டியோடும்.

மார்ச்சில் கணக்குப் பாடவேளைகளில் அடிக்கடி வயிற்றுவலி என்றாள். மருத்துவர் உடம்பில் ஒன்றும் இல்லை என்றதும், அது துயரம் உடம்பில் வெளிப்படும் விதமாகவும் இருக்கலாம் என்று அவளுடைய அம்மாவிடம் சொல்லி, தொலைபேசியில் மனநல ஆலோசனை பெற 14416 என்ற எண்ணைக் கொடுத்தேன்.

ஜூன் மாதம் அவள் நான்காம் வகுப்புக்குப் போனாள். அந்த ஆசிரியையிடம் அப்பா இறந்த தேதி, வருடத் திதி வரும் மாதம், தண்ணீர்ப் பாட்டில் அடையாளம், கையொப்ப வரி ஆகியவற்றை ஒரு தாளில் எழுதி, வருகைப்பதிவேட்டுக்குள் வைத்துக் கொடுத்தேன்.